குரூப் 4 வினாடி வினாத் தொடர்: கேள்வி எழுதுவதிலிருந்து சேமிப்பு அட்டை வரை

டெலிகிராமில் டிஎன்பிஎஸ்சி தேர்வர்களுக்குத் தினமும் கேள்வி போட ஆரம்பிப்பவர்கள் பலர். முதல் வாரம் பத்துப் பத்தாகக் கேள்வி வரும். மூன்றாவது வாரம் ஒன்றிரண்டாகத் தேயும். அப்புறம் நின்றுவிடும். ஆர்வம் குறைந்ததை விட, வேலையின் வரிசை தவறியதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அவர்கள் கேள்வியை முதலில் எழுதுகிறார்கள், மூன்று தவறான விடைகளை ஏதோ ஒன்று என்று நிரப்புகிறார்கள், விளக்கத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். இங்கே சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிரானது. விடையின் விளக்கத்தைச் சில வரிகளில் தந்து, தேர்வர் சேமித்து வைக்கும்படி வெளியிடும் விளக்க அட்டை முதலில், கேள்வி பிறகு.

எடுத்துக்காட்டுக்கு குரூப் 4 பாடத்திட்டத்தில் உள்ள உள்ளாட்சி அமைப்புகள் என்ற ஒரே தலைப்பை எடுத்து, ஒரு வாரத் தொடராகச் செய்து பார்ப்போம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்கள் போதும். தேர்வாணையம் வெளியிட்ட பாடத்திட்டம், தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள். குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத் தேர்வு. 200 கேள்விகளில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. இதைத் தெரிந்துகொள்ளாமல் குரூப் 1 தரத்துக்குக் கேள்வி எழுதினால், தேர்வர்கள் பயந்து ஒதுங்குவார்கள்.

இவற்றோடு ஒரு எக்செல் தாள் அல்லது கோடு போட்ட நோட்டு. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் கேள்வி, விடை, மூலம் (எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்த ஆண்டுப் பதிப்பு), வெளியிட்ட தேதி, மறுபடி கேட்ட தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மூலம் என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கேள்வியை வெளியிடாதீர்கள். "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று ஒருவராவது கட்டாயம் கேட்பார். அப்போது தேட ஆரம்பித்தால் அன்றைய மாலை போய்விடும்.

இன்னொரு சேனலில் வந்த படத்தை எடுத்துக் கேள்வியாக்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் அவர்களுடைய பிழையும் சேர்ந்தே வரும், மூலக் கட்டமும் காலியாகவே இருக்கும்.

2. ஒரு வாரத்துக்கு ஒரு தலைப்பு

திங்கள் வரலாறு, செவ்வாய் அறிவியல் என்று மாற்றி மாற்றிப் போடுவது பார்க்க நன்றாக இருக்கும். படிப்பவருக்கு உதவாது. ஒரே தலைப்பில் நெருக்கமான விவரங்கள்தான் ஒன்றோடொன்று குழம்பும். அந்தக் குழப்பத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் இந்தத் தொடரின் வேலை.

உள்ளாட்சிக்கு ஒரு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் குழுக்கள்: பல்வந்த்ராய் மேத்தா 1957, அசோக் மேத்தா 1977, ஜி.வி.கே. ராவ் 1985, எல்.எம். சிங்வி 1986. இரண்டாம் நாள் 73, 74ஆவது திருத்தங்கள். மூன்றாம் நாள் அட்டவணைகள். நான்காம் நாள் முக்கியமான சட்டப்பிரிவுகள். ஐந்தாம் நாள் பதவிக்காலமும் இடஒதுக்கீடும். ஆறாம் நாள் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. ஏழாம் நாளான ஞாயிறன்று புதிதாக எதுவும் வேண்டாம், ஆறு நாள் அட்டைகளிலிருந்து ஒரு சிறு தேர்வு.

ஒரு நாளைக்கு மூன்று கேள்வி, ஓர் அட்டை. பத்துக் கேள்வி போட்டால் பத்துக்கும் ஒழுங்கான விளக்கம் எழுத முடியாது. விளக்கம் இல்லாத கேள்வியை யாரும் சேமித்து வைக்கப் போவதில்லை.

3. விளக்க அட்டையை முதலில் எழுதுங்கள்

தொடர் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான். நல்ல அட்டை என்பது சரியான விடையின் விளக்கம் மட்டும் அல்ல. தவறான விடைகள் ஒவ்வொன்றும் எதற்குச் சரியான விடை என்று அது சொல்ல வேண்டும். அப்படி இருந்தால்தான் ஒரு கேள்வியிலிருந்து நான்கு கேள்விக்கான விவரம் கிடைக்கும். தேர்வர் அதைச் சேமிப்பதும் அதற்காகத்தான்.

மூன்றாம் நாள் அட்டை இது:

அட்டவணை 9: 1ஆவது திருத்தம், 1951. நிலச் சீர்திருத்தச் சட்டங்கள்.
அட்டவணை 10: 52ஆவது திருத்தம், 1985. கட்சித் தாவல் தடை.
அட்டவணை 11: 73ஆவது திருத்தம், 1992. ஊராட்சிகள், 29 இனங்கள்.
அட்டவணை 12: 74ஆவது திருத்தம், 1992. நகராட்சிகள், 18 இனங்கள்.

நான்கு வரிதான். இதை எழுதி முடித்த பிறகு கேள்வி தானாக வந்து விழும்:

பஞ்சாயத்துகளுக்கு உரிய 29 இனங்கள் அரசியலமைப்பின் எந்த அட்டவணையில் உள்ளன?
அ) 9 ஆ) 10 இ) 11 ஈ) 12

இதே கேள்விக்கு 2, 5, 7, 11 என்று விடைகள் கொடுத்திருந்தால் பாதிப் பேர் யோசிக்காமலே 11ஐ அழுத்தியிருப்பார்கள். 12 இருப்பதால்தான் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம்தான் இரவு அட்டையைத் திறந்து பார்க்க வைக்கிறது.

புதிதாக எழுதுபவர்கள் தவறான விடையாக வேடிக்கையான ஒன்றையோ, தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையோ வைப்பார்கள். "மேற்கண்ட எதுவும் இல்லை" என்பதும் அடிக்கடி வரும். அது தவறான விடையாக இருக்கும்போது அட்டையில் அதற்கு எழுத எதுவும் இருக்காது. ஓர் இடம் வீண்.

ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். டிஎன்பிஎஸ்சி விடைத்தாளிலும் அதற்கென ஐந்தாவது வட்டம் இருக்கிறது, கை பழகட்டும். குருட்டாம்போக்கில் அழுத்துபவர்கள் ஓரளவு தனியாகத் தெரிவதால் உங்களுக்கும் பயன் உண்டு. அது ஏன் என்று ஏழாவது படியில் வரும்.

4. கேள்வியின் வாசகத்தைச் சோதியுங்கள்

விடை சரியாக இருந்தும் கேள்வி தவறாக இருக்கலாம். அரசியலமைப்புப் பகுதியில் மூன்று இடங்களில் இது அதிகம் நடக்கும்.

முதலாவது ஆண்டு. "73ஆவது திருத்தம் எந்த ஆண்டு?" என்று கேட்டால் 1992 என்பவரும் சரி, 1993 என்பவரும் சரி. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1992 டிசம்பர். குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்து நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. ஆகவே "நடைமுறைக்கு வந்த நாள் எது?" என்றோ "எந்த ஆண்டின் திருத்தச் சட்டம்?" என்றோ தெளிவாகக் கேட்க வேண்டும். அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் இதே வகைச் சிக்கல்தான்.

இரண்டாவது எல்லை. "உள்ளாட்சியில் பெண்களுக்கான இடஒதுக்கீடு எவ்வளவு?" என்ற கேள்விக்கு அரசியலமைப்பின் 243டி பிரிவுப்படி மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். தமிழ்நாட்டில் 2016இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி 50 சதவீதம். "அரசியலமைப்பின்படி" அல்லது "தமிழ்நாட்டில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் சண்டை முடிந்தது. சேர்க்காவிட்டால் நூறு பதில்களும் அந்தச் சண்டையாகவே இருக்கும்.

மூன்றாவது, பழைய வரலாறு. "பத்தாவது அட்டவணையை முதன்முதலில் சேர்த்த திருத்தம் எது?" என்று கேட்டு 52 என்று விடை வைத்தால், நன்றாகப் படித்த ஒருவர் வந்து 35 என்பார். அவர் சொல்வது சரி. சிக்கிம் தொடர்பாக 35ஆவது திருத்தம் ஒரு பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது, 36ஆவது திருத்தம் அதை நீக்கியது. பிறகுதான் 52ஆவது திருத்தம் அதே எண்ணில் கட்சித் தாவல் தடையைக் கொண்டுவந்தது. "கட்சித் தாவல் தடையைக் கொண்டுவந்த திருத்தம் எது?" என்று கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விடைகளை மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் குழுவிலேயே நன்றாகப் படிக்கும் ஒருவரிடம் அனுப்புங்கள். அவர் "எதைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் வாசகத்தை மாற்ற வேண்டும்.

மாறக்கூடிய எண்களுக்கு அட்டையிலேயே "நிலவரம்" என்று ஆண்டைப் போடுங்கள். தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை சேர்ந்ததும் அது 25 ஆனது. பழைய பாடநூலில் பழைய எண்தான் இருக்கும். ஆண்டு இல்லாத அட்டை ஒருவருடைய போனில் இரண்டு வருடம் கிடந்து அவரையே கவிழ்க்கும்.

5. கேள்வியை வெளியிடுவது

டெலிகிராமின் வினாடி வினா வாக்கெடுப்பே இதற்குப் பொருத்தமானது. வாக்களிக்கும் வரை மற்றவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று தெரியாது, வாக்களித்த பிறகு மாற்ற முடியாது. "பதிலைக் கீழே எழுதுங்கள்" என்று விட்டால் முதலில் எழுதியவரின் பதிலையே பின்னால் வருபவர்களும் எழுதுவார்கள். அதிலிருந்து யாருக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிக்கவே முடியாது. சேனலில் வாக்கெடுப்பு பெயர் தெரியாமலே நடப்பதால் கூச்சப்படுபவர்களும் அழுத்துவார்கள்.

ஒரு தொழில்நுட்பச் சங்கடம் உண்டு. கேள்விக்குச் சில நூறு எழுத்து, ஒவ்வொரு விடைக்கும் 100, விளக்கத்துக்கு 200 என்று வரம்பு. தமிழில் அது நினைப்பதை விடச் சீக்கிரம் தீரும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "பஞ்சாயத்து" நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்து. அதனால் விளக்கத்தில் ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லுங்கள். நம் கேள்விக்கு இப்படி: "விடை 11. அது ஊராட்சி, 73ஆவது திருத்தம். 12 என்பது நகராட்சி, 74ஆவது திருத்தம். முழு அட்டை இரவு 9 மணிக்கு."

பொருத்துக வகைக் கேள்வி இந்த வரம்புக்குள் அடங்காது. இரண்டு பட்டியலையும் முதலில் தனிச் செய்தியாகப் போட்டுவிட்டு, வாக்கெடுப்பில் 3-1-4-2 என்பது போன்ற வரிசைகளை மட்டும் வைக்கலாம். படமாகப் போட்டால் சின்னத் திரையில் படிக்கச் சிரமம்.

நேரம் எதுவானாலும் சரி, தினமும் ஒன்றாக இருக்கட்டும். காலை ஏழு மணிக்குக் கேள்வி, இரவு ஒன்பதுக்கு அட்டை என்பது வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும் ஒத்துவருகிறது.

6. பதிலோடு காரணத்தையும் கேளுங்கள்

"உங்கள் பதில் என்ன நண்பர்களே?" என்ற வரிக்கு ஒரு பயனும் இல்லை. அ, ஆ, இ என்று வாக்கெடுப்பிலேயே அழுத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு எழுத வைக்க வேண்டியது காரணத்தை.

நம் கேள்விக்குக் கீழே இப்படி ஒரு வரி போடலாம்: "11ஆ 12ஆ என்று தயங்கியவர்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று ஒரு வரியில் சொல்லுங்கள்." இதற்கு வரும் பதில்கள் சுவையானவை. ஒருவர் "73, 74 என்ற வரிசையிலேயே 11, 12ம் வரும், கிராமம் முதலில், நகரம் பிறகு" என்பார். இன்னொருவர் "கிராமத்துக்கு வேலை அதிகம், அதனால் 29" என்று தனக்கென ஒரு நினைவுக் குறிப்பு வைத்திருப்பார். இவற்றில் நல்லதை இரவு அட்டையின் கடைசி வரியாகச் சேருங்கள். தன் வரி அட்டையில் வந்ததைப் பார்ப்பவர் மறுநாளும் எழுதுவார்.

தவறாகச் சொன்னவரைப் பெயர் சொல்லித் திருத்த வேண்டாம். தினசரி மதிப்பெண் பட்டியலும் வேண்டாம் என்பது என் கருத்து. மேலே இருக்கும் பத்துப் பேருக்கு அது உற்சாகம்தான், ஆனால் கீழே இருப்பவர்கள் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள். தொடர் யாருக்குத் தேவையோ அவர்களே போய்விட்டால் அப்புறம் யாருக்காக நடத்துவது?

7. வாக்குகளைப் படித்துவிட்டு அட்டையைத் திருத்துங்கள்

இரவு அட்டையை வெளியிடும் முன் வாக்குகள் எப்படிப் பிரிந்தன என்று பாருங்கள். சரியான விடைக்கு 90 சதவீதம் என்றால் கேள்வி எளிது, அட்டையைச் சுருக்கிவிடலாம். நான்கிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருந்தால், அல்லது "விடை தெரியவில்லை" நிறைய இருந்தால், பாடத்தையே பலர் படிக்கவில்லை. அட்டைக்கு முன் பாடநூலின் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை. நூறு பேரில் 48 பேர் 11, 40 பேர் 12, மற்றவை சொற்பம் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் படித்திருக்கிறார்கள், இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். அட்டையில் 11, 12 வரிகளை மேலே கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 9, 10 கீழே போகட்டும். மறுகேள்வியும் இந்த இணையிலிருந்தே வர வேண்டும்.

8. சேமிக்கத் தகுந்த அட்டையின் வடிவம்

"சேமித்து வையுங்கள்" என்ற வரி கேள்வியின் மேல் இருக்கக் கூடாது, அட்டையின் கீழ் இருக்க வேண்டும். கேள்வியைச் சேமித்து என்ன செய்வது? எப்போது திறக்க வேண்டும் என்பதையும் அந்த வரியே சொல்லட்டும்: "ஞாயிறு காலைத் தேர்வு இந்த ஆறு அட்டைகளிலிருந்து மட்டும்." இது வெறும் வேண்டுகோளை விட வலுவான காரணம். ஒரு நிபந்தனை, ஞாயிறன்று அட்டையில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிடக் கூடாது.

அட்டை ஒரே படமாக இருக்கட்டும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஆறு வரிக்கு மேல் வேண்டாம். பலர் இதை ஜெராக்ஸ் எடுத்தோ நோட்டில் எழுதியோ வைத்துக்கொள்வார்கள். கரும்பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து அச்சில் மொத்தமாகக் கறுத்துவிடும். மேலே தலைப்பு, வரிசை எண்: "உள்ளாட்சி 3: அட்டவணைகள்." கீழே மூலமும் ஆண்டும்.

படத்துக்குள் உள்ள எழுத்தை டெலிகிராமில் தேட முடியாது. எனவே படத்தின் கீழே அதே தலைப்பைத் தட்டச்சு செய்து விடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக்கு முன்னால் ஒருவர் "உள்ளாட்சி" என்று தேடும்போது ஆறு அட்டையும் வர வேண்டும். ஒரு நாள் "உள்ளாட்சி", மறுநாள் "பஞ்சாயத்து ராஜ்", அடுத்த நாள் "லோக்கல் பாடி" என்று எழுதினால் மூன்றில் ஒன்றுதான் அகப்படும்.

9. மறுபடி கேட்பது

மூன்றாம் நாள் கேள்வியை ஐந்தாம் நாள் திருப்பிப் போடுங்கள், வேறு பக்கத்திலிருந்து: "நகராட்சிகளுக்கு உரிய 18 இனங்கள் எந்தத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன?" எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டுவார். அட்டையைப் படித்தவர் தப்புவார்.

ஞாயிறன்று பத்துக் கேள்வி. அதில் இரண்டு கேள்வியாவது கூற்று வகையாக இருக்கட்டும். "73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது" என்பது ஒரு கூற்று, "243கே பிரிவு மாநில நிதி ஆணையம் பற்றியது" என்பது இன்னொன்று. முதலாவது சரி, இரண்டாவது தவறு. 243கே மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு உரியது, நிதி ஆணையத்துக்கு உரியது 243ஐ என்ற பிரிவு. இரண்டுமே நான்காம் நாள் அட்டையில் அடுத்தடுத்த வரியில் இருந்தவை.

ஞாயிறு முடிவிலும் பாதிப் பேருக்கு மேல் தவறும் கேள்விகளை நோட்டில் குறித்து, அடுத்த வாரத் தலைப்பின் நடுவே ஒவ்வொன்றாக நுழைத்துவிடலாம்.

10. பிழை வந்தால்

டிஎன்பிஎஸ்சியே உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறது. நீங்களும் ஒவ்வொரு அட்டையின் கீழும் "மறுப்பு இருந்தால் பாடநூல் பக்கத்தோடு எழுதுங்கள்" என்று போட்டுவிடுங்கள். பக்க எண் கேட்பதால் வெறும் வாக்குவாதம் வடிகட்டப்படும்.

வெளியிட்ட வாக்கெடுப்பைத் திருத்த முடியாது. அதை நிறுத்திவிட்டு, சரியான வாசகத்தோடு புதிதாகப் போட வேண்டியதுதான். அட்டையில் பிழை என்றால் படத்தைச் சத்தமில்லாமல் மாற்றுவது போதாது. ஏற்கெனவே சேமித்தவர்களிடம் பழைய படமே இருக்கும், சேனலில் செய்த திருத்தம் அங்கே போய்ச் சேராது. எனவே "உள்ளாட்சி 3, திருத்திய பதிப்பு" என்று புதுச் செய்தியாக வெளியிடுங்கள். எந்த வரி மாறியது, பழையதில் என்ன இருந்தது என்று இரண்டையும் எழுதி, பழைய படத்தை அழிக்கச் சொல்லுங்கள். ஞாயிறு தேர்வுக்கு முன் அந்தத் திருத்தத்தை இன்னொரு முறை மேலே கொண்டுவந்து பொருத்திவையுங்கள்.